மூன்று கம்பியில் இருபத்தொரு விளக்கு

கிளினிக்குகளில் டோக்கன் எண் காட்டும் பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளே டாக்டர் பொத்தானை அழுத்தியதும் வெளியே 047 என்பது 048 ஆகும். காத்திருப்பவர்களில் ஒருவர் கையிலிருக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்திருப்பார். இந்தப் பலகையை நாமே செய்து பார்க்கலாம் என்று அர்டுயினோ ஊனோ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், முதல் தடங்கல் பின் எண்ணிக்கையில்தான் வரும்.

ஓர் இலக்கத்தைக் காட்ட ஏழு கோடுகள் வேண்டும். கடைக்காரர்கள் ‘செவன் செக்மெண்ட்’ என்று எடுத்துக்கொடுக்கும் டிஸ்ப்ளே அதுதான். ஒவ்வொரு கோடும் ஒரு எல்.இ.டி. மூன்று இலக்கத்துக்கு 21 கோடுகள். ஊனோவில் 14 டிஜிட்டல் பின்கள் உண்டு. அனலாக் என்று பெயரிட்டிருக்கும் 6 பின்களையும் சேர்த்துக்கொண்டால் 20. எல்லாவற்றையும் கொடுத்தாலும் ஒன்று குறைகிறது. அதற்குமேல் டாக்டரின் பொத்தானுக்கும், மணி அடிக்கும் பஸ்ஸருக்கும் பின் வேண்டும். அந்த 20இல் இரண்டு, கணினியோடு பேசுவதற்குத் தேவைப்படுபவை.

இலக்கங்களை மாற்றி மாற்றி வேகமாக எரியவிட்டுக் கண்ணை ஏமாற்றும் மல்டிபிளெக்சிங் ஒரு வழி. நல்ல வழிதான். ஆனால் ஒவ்வொரு இலக்கமும் மூன்றில் ஒரு பங்கு நேரமே எரியும்; புரோகிராம் வேறெந்த வேலையில் இருந்தாலும் விளக்கைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய சிப்புக்கு மாறுவது இன்னொரு வழி. இந்தப் பலகைக்கு எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: 74HC595 என்ற பதினாறு கால் ஐசி. சென்னை ரிச்சி தெருவில் போய் ‘595 கொடுங்க’ என்றால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்றே கம்பியில் தகவலை வாங்கிக்கொண்டு எட்டுக் கால்களில் வெளியே தரும். ஒன்றோடொன்று கோத்தால் மூன்று ஐசியில் 24 வெளியீடுகள் கிடைக்கும். ஊனோவிலிருந்து போகும் கம்பி அப்போதும் மூன்றுதான்.

மூன்று கம்பிக்கும் மூன்று வேலை. ஒன்று டேட்டா: அதில் அந்த நொடியில் 1 அல்லது 0 இருக்கும். அடுத்தது கிளாக்: அது கீழிருந்து மேலே போகும் கணத்தில் டேட்டாவில் இருப்பதை ஐசி உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்றாவது லாட்ச். இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர் லாட்சில்தான் இருக்கிறது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் பெரும்பாலான பலகைகள் முதல் நாளில் தகராறு செய்கின்றன.

எட்டுப் பேர் உட்காரும் ஒரு பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் புதிதாக ஒருவர் வந்து உட்காரும்போது ஏற்கெனவே இருந்தவர்கள் எல்லோரும் ஓரிடம் நகர்கிறார்கள். மறுமுனையில் இருந்தவர் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போகிறார். ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் இந்த நகர்வு ஒரு முறை நடக்கும். இதுதான் ஷிப்ட் ரிஜிஸ்டர். இப்போது பெஞ்சுக்கு எதிரே ஒரு போட்டோகிராபர் நிற்கிறார் என்று வையுங்கள். எல்லோரும் நகர்ந்து முடித்து உரிய இடத்தில் அமர்ந்த பிறகு அவர் ஒரே ஒரு படம் எடுத்துச் சுவரில் மாட்டுகிறார். வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவது சுவரில் இருக்கும் படம் மட்டுமே; பெஞ்சில் மறுபடி நகர்வு தொடங்கினாலும் படம் மாறாது, அடுத்த முறை அவர் பொத்தானை அழுத்தும்வரை. அந்தப் போட்டோகிராபர்தான் லாட்ச்.

ஆக ஐசிக்குள் எட்டு எட்டாக இரண்டு அடுக்கு நினைவகம் இருக்கிறது. முதல் அடுக்கில் பிட்டுகள் நகர்கின்றன. லாட்ச் கம்பி கீழிருந்து மேலே எழும் அந்த ஒரு கணத்தில் முதல் அடுக்கில் இருப்பது அப்படியே இரண்டாம் அடுக்குக்கு நகல் ஆகிறது. கால்களில் வெளியே வருவது இரண்டாம் அடுக்கு.

இரண்டாம் அடுக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும்? அப்படியும் ஓர் ஐசி இருக்கிறது, 74HC164. பிட் நகர்வது அப்படியே வெளியே தெரியும். ஒரே ஓர் இலக்கம் மட்டும் உள்ள பலகையில் 7 எரிந்துகொண்டிருக்கிறது, அதை 8 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செக்மெண்ட்டுகளுக்கு மேல்கோட்டில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் a, b, c, d, e, f என்று பெயர், நடுக்கோடு g. ஏழுக்கு a, b, c எரியும். எட்டுக்கான முதல் பிட் உள்ளே நுழைந்ததும் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய் b, c, d எரியும். இரண்டாவது பிட்டில் a, c, d, e. இவை எந்த எண்ணும் அல்ல, அர்த்தமில்லாத கோடுகள். எட்டாவது பிட் வந்த பிறகுதான் 8 தோன்றும்.

டோக்கன் பலகையில் இது கண்ணுக்குத் தெரியுமா என்றால், நேர்மையான பதில்: அனேகமாகத் தெரியாது. ஊனோவில் `shiftOut` என்ற கட்டளை எட்டுப் பிட்டை அனுப்ப ஒரு மில்லி செகண்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறும்போது அந்தக் குழப்பத்தைக் கண் பிடிக்காது. ஆனால் அதே எண்ணை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப அனுப்பினால், எரியக் கூடாத கோடுகளும் மங்கலாக எரிவதுபோல் தோன்றும். விளக்குக்குப் பதிலாக அந்தக் கால்களில் ஸ்டெப்பர் மோட்டாரின் டிரைவரை மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த டிரைவர் ஒவ்வொரு துடிப்பையும் ஒரு படி என்று எண்ணும். கடந்துபோகும் பிட்டுக்கும் சேர்த்து மோட்டார் நகர்ந்துவிடும். கண் மன்னிக்கும், இன்னொரு சிப் மன்னிக்காது.

இனி 047ஐ அனுப்பிப் பார்ப்போம். ஒவ்வொரு ஐசியும் ஓர் இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். ஊனோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐசி ஒன்றாம் இடத்துக்கு, நடுவில் இருப்பது பத்தாம் இடத்துக்கு, கடைசி நூறாம் இடத்துக்கு. டிஸ்ப்ளே பொதுக் கேத்தோடு வகை. அதாவது கோட்டுக்கு 1 கொடுத்தால் எரியும். முதலில் அனுப்பும் பைட் மற்றவற்றால் தள்ளப்பட்டுக் கடைசி ஐசிக்குப் போய்ச் சேரும். எனவே நூறாம் இடத்தை முதலில் அனுப்ப வேண்டும்: 0, பிறகு 4, பிறகு 7. நாம் எழுதும் வரிசையே அமைந்துவிடுகிறது.

```
const byte DATA = 11, CLOCK = 13, LATCH = 10;
const byte seg[10] = {0x3F, 0x06, 0x5B, 0x4F, 0x66,
                      0x6D, 0x7D, 0x07, 0x7F, 0x6F};

void show(int n) {
  digitalWrite(LATCH, LOW);
  shiftOut(DATA, CLOCK, MSBFIRST, seg[n / 100 % 10]);
  shiftOut(DATA, CLOCK, MSBFIRST, seg[n / 10 % 10]);
  shiftOut(DATA, CLOCK, MSBFIRST, seg[n % 10]);
  digitalWrite(LATCH, HIGH);
}
```

தொடக்கத்தில் இந்த மூன்று பின்னையும் `pinMode` கொண்டு வெளியீடாக மாற்றிவிட வேண்டும். `seg` பட்டியலில் இருப்பவை பத்து இலக்கங்களின் வடிவங்கள். நான்குக்கு b, c, f, g எரிய வேண்டும். A-க்குக் கடைசி பிட், b-க்கு அதற்கு முந்தையது என்று வலமிருந்து இடமாக வைத்தால் 01100110, அதாவது `0x66`. `MSBFIRST` என்பதால் இடக்கோடிப் பிட் முதலில் கிளம்பி எட்டாவது காலுக்குப் போகும். வலக்கோடிப் பிட் கடைசியாக வந்து முதல் காலில் நிற்கும். அதனால் முதல் காலில் a-வை இணைக்க வேண்டும்.

லாட்சை முதலில் `LOW` ஆக்குவதைப் பார்த்து, ‘கதவைத் திறந்துவைத்தால்தான் தகவல் உள்ளே போகும்’ என்று பலரும் விளக்குவார்கள். அது சரியல்ல. லாட்ச் எந்த நிலையில் இருந்தாலும் பிட் நகரத்தான் செய்யும். கீழே கொண்டுவருவதன் ஒரே காரணம், பிறகு மேலே போவதற்கு ஒரு படி வேண்டும் என்பதே. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பிழை தேடுவது பாதி சுலபமாகிவிடும்.

இப்போது காலுக்கு வருவோம். இந்த ஐசியில் ஒரு வினோதம்: வெளியீடுகளில் ஏழு, இடப்பக்கம் 1 முதல் 7 வரை வரிசையாக நிற்கின்றன, முதலாவது வெளியீடு மட்டும் தனியாக எதிர்ப்பக்கத்தில் 15ஆம் காலில் இருக்கிறது. படத்தைப் பார்க்காமல் 1ஆம் காலில் a-வை மாட்டினால் எல்லாமே ஓரிடம் தள்ளிப்போகும். டேட்டா 14ஆம் காலுக்கும், கிளாக் 11ஆம் காலுக்கும், லாட்ச் 12ஆம் காலுக்கும் போக வேண்டும். கிளாக்கும் லாட்சும் மூன்று ஐசிகளுக்கும் பொது. டேட்டா மட்டும் சங்கிலியாக: முதல் ஐசியின் 9ஆம் காலிலிருந்து அடுத்ததன் 14ஆம் காலுக்கு.

இந்த 9ஆம் கால்தான் அதிகமானோரைச் சறுக்கவைக்கும் இடம். எட்டாவது வெளியீடான 7ஆம் காலும் 9ஆம் காலும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. 9ஆம் கால் நகரும் அடுக்கிலிருந்து வருகிறது. 7ஆம் கால் லாட்சுக்குப் பின்னாலிருந்து. தவறி 7ஆம் காலிலிருந்து அடுத்த ஐசிக்குக் கம்பி இழுத்தால், 24 துடிப்பு நேரமும் அதில் ஒரே மதிப்புதான் இருக்கும். புள்ளிக்கான அந்தப் பிட் நம் எல்லா இலக்கங்களிலும் 0 என்பதால், ஒன்றாம் இடம் ஒழுங்காக எரிய, மற்ற இரண்டும் இருட்டாகக் கிடக்கும். இந்த அடையாளத்தைப் பார்த்தால் நேரே 9ஆம் காலைப் பாருங்கள்.

மற்ற பிழைகளும் இப்படித்தான், ஒவ்வொன்றும் தன் முகத்தைக் காட்டும். கிளாக்கையும் லாட்சையும் மாற்றி மாட்டியிருந்தால், ஒவ்வொரு முறை எண் அனுப்பும்போதும் கோலம் ஓரிடம் மட்டும் நகரும். கம்பியை மிச்சப்படுத்த இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டால், படம் எப்போதும் ஒரு துடிப்பு பின்தங்கியே இருக்கும். கடைசிப் பிட் வெளியே வராது. பலகையின் பக்கத்தில் கை போனாலே எண் கலைந்தால், எங்கோ ஒரு கால் அந்தரத்தில் தொங்குகிறது என்று பொருள். பெரும்பாலும் அது 10ஆம் காலாக இருக்கும். அது நகரும் அடுக்கை அழிக்கும் கால். 0 வந்தால் அழிக்கும். பயன்படுத்தாவிட்டாலும் அதை 5 வோல்ட்டோடு இணைத்தே ஆக வேண்டும்.

இந்த அழிக்கும் காலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மின்சாரம் வந்ததும் ஐசிக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. 1களும் 0களும் கலந்து கிடக்கும். பலகையில் ஒரு கணம் கோணல் கோடுகள் வந்து போனால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே ஐசி ரிலே வழியாகத் தண்ணீர் மோட்டாரை ஓட்டுகிறது என்றால் சும்மா விட முடியாது. ‘10ஆம் காலில் ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் அணைந்துவிடும்’ என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. அது பெஞ்சைத்தான் காலி செய்யும். சுவரில் இருக்கும் படம் அப்படியே இருக்கும். அழித்த பிறகு லாட்சை ஒருமுறை எழுப்பினால்தான் வெளியே 0 வரும்.

இதற்குச் சரியான மருந்து 13ஆம் கால். அதில் 1 இருந்தால் எட்டு வெளியீடுகளும் துண்டிக்கப்பட்டதுபோல் ஆகிவிடும். 0 வந்தால்தான் பேசும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அதை 5 வோல்ட்டோடு இணைத்து, கூடவே ஊனோவின் ஒரு பின்னையும் கொடுங்கள். மின்சாரம் வந்ததும் ஊனோ விழித்துக்கொள்ள எடுக்கும் நேரத்தில் அந்த ரெசிஸ்டர் வெளியீடுகளை மூடி வைத்திருக்கும். ஊனோ முதல் வேலையாக எல்லாம் 0 என்று அனுப்பி, லாட்சை எழுப்பி, அதன் பிறகே 13ஆம் காலை 0 ஆக்கட்டும். துண்டித்த நிலையில் வெளியீடு அந்தரத்தில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்து வருவது டிரான்சிஸ்டர் என்றால் அதன் வாயிலை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்குக் கட்டிவைப்பது நல்லது. பின் இப்போது மூன்று அல்ல, நான்காகிறது. மோட்டார் இருக்கும் இடத்தில் அந்த நான்காவது பின்னில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

அடுத்தது மின்னோட்டக் கணக்கு. 595இன் தகவல் தாளில், மின்சாரம் வரும் கால் வழியாகவோ கிரவுண்ட் கால் வழியாகவோ மொத்தமாக 70 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார்கள். அது தாங்கும் உச்சம். தினமும் ஓட்டும் அளவல்ல. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட். கையில் கிடைக்கும் 220 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் கோட்டுக்கு ஏறக்குறைய 13 மில்லி ஆம்பியர். 8 என்ற எண் வந்து ஏழு கோடும் எரிந்தால் 90ஐத் தாண்டும். ஐசி உடனே செத்துவிடாது; அதுதான் சிக்கல். சுடும், வெளிச்சம் எண்ணுக்கு எண் மாறும், சில மாதம் கழித்து ஒரு கோடு போகும். 680 ஓம் போடுங்கள். கோட்டுக்கு 4.4, எட்டுக்கு 31. இன்றைய எல்.இ.டி.கள் அறைக்குள் பார்க்க இதிலேயே போதுமான அளவு பிரகாசமாக எரிகின்றன. ரெசிஸ்டர் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாக வேண்டும். பொதுக் காலில் ஒன்றை மட்டும் போட்டால் இரண்டே கோடு எரியும் 1 பளிச்சென்றும், ஏழும் எரியும் 8 மங்கலாகவும் தெரியும்.

ஒவ்வொரு ஐசியின் 16ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில், காலை ஒட்டி, 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். சில சர்க்யூட் படங்களில் லாட்ச் கம்பியிலும் ஒரு கெப்பாசிட்டர் வரைந்திருப்பார்கள். அதை நகலெடுக்க வேண்டாம். லாட்சும் கிளாக்கும் செங்குத்தாக எழ வேண்டிய கம்பிகள், 4.5 வோல்ட்டில் ஒரு மைக்ரோ செகண்டில் பாதிக்குள் எழுந்துவிட வேண்டும் என்பது தகவல் தாளின் நிபந்தனை. கெப்பாசிட்டர் அந்த எழுச்சியைச் சரிவாக்கிவிடும். சரிவில் கொஞ்சம் இரைச்சல் கலந்தால் ஒரு துடிப்பை ஐசி இரண்டாக எண்ணும்.

நீளமான கம்பியிலும் இதே கோளாறுதான். டாக்டர் மேசையில் ஊனோவை வைத்து, வரவேற்பறைச் சுவர்வரை மூன்று கம்பியை இழுத்தால், ஃபேன் போடும்போது எண் மாறிப்போவதைப் பார்க்கலாம். கோலம் ஓரிடம் தள்ளியிருந்தால் கிளாக்கில் ஒரு பொய்த் துடிப்பு நுழைந்திருக்கிறது. இதற்குச் சிறந்த தீர்வு, ஊனோவைப் பலகைக்குப் பின்னாலேயே பொருத்திவிட்டுப் பொத்தானின் கம்பியை மட்டும் நீளமாகக் கொண்டுபோவது. பொத்தான் மனித வேகத்தில் நடப்பது; புரோகிராமில் சில பத்து மில்லி செகண்ட் பொறுத்துப் படித்தால் இரைச்சல் வடிந்துவிடும். கூடவே, எண் மாறாவிட்டாலும் விநாடிக்கு ஒருமுறை அதையே திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் 24 பிட்டும் புதிதாக நிரம்புவதால் பழைய பிழை மறுமுனையில் வெளியே தள்ளப்பட்டுவிடும். லாட்ச் இருப்பதால் இந்தத் திரும்ப அனுப்பலில் பலகை இமைக்கக்கூட இமைக்காது.

ஊனோவுக்குப் பதில் 3.3 வோல்ட்டில் ஓடும் இ.எஸ்.பி.32 போன்ற பலகையைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5 வோல்ட்டில் இயங்கும் 74HC595 ஒரு கம்பியை 1 என்று ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 3.5 வோல்ட் கேட்கும். 3.3 கொடுத்தால் மேசையில் ஓடும். வேறு ஐசி மாட்டினால் ஓடாமலும் போகலாம். 74HCT595 என்று கேட்டு வாங்கினால் 2 வோல்ட்டே போதும்.

விரல் அகல இலக்கத்துக்கு இதெல்லாம் சரி. கூடத்தின் கடைசி நாற்காலியிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிய டிஸ்ப்ளே என்றால், ஒரு கோட்டுக்குள்ளேயே பல எல்.இ.டி.கள் தொடராக இருக்கும். 5 வோல்ட் பற்றாது, 12 வோல்ட் வேண்டும். அங்கே 595ஐ நேரடியாக மாட்ட முடியாது. அதற்கு TPIC6B595 என்ற இருபது கால் ஐசி இருக்கிறது. ஒவ்வொரு வெளியீடும் 150 மில்லி ஆம்பியர்வரை இழுக்கும், 50 வோல்ட் தாங்கும். ஆனால் அது மின்சாரத்தைத் தருவதில்லை, கிரவுண்டுக்கு இழுக்க மட்டுமே செய்யும். எனவே டிஸ்ப்ளே பொது ஆனோடு வகையாக இருக்க வேண்டும். கால்களின் வரிசையும் வேறு. 1 அனுப்பினால் எரியும் என்ற விதி இதிலும் அப்படியே என்பதால் மேலே எழுதிய `show` புரோகிராமில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.